மாதம் இருபது பக்கம் அச்சிடும் வீட்டுக்கு எந்தப் பிரிண்டர்?

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது ஒரு பக்கத்துக்கு என்ன செலவாகும் என்பதைத்தான். அந்தக் கணக்கில் இங்க் டேங்க் சுலபமாக ஜெயித்துவிடும். ஒரு கருப்பு மை பாட்டில் நாலாயிரம், ஐயாயிரம் பக்கம் வரும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். லேசர் பிரிண்டரின் டோனரோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பக்கத்தில் தீர்ந்துவிடும், விலையும் அதிகம். தினமும் கட்டுக்கட்டாக அச்சிடும் இடத்தில் இந்தக் கணக்கு சரிதான். மாதம் இருபது பக்கம் தாண்டாத வீட்டில் நிலைமை வேறு. அங்கே பிரிண்டர் வேலை செய்யும் நேரம் மாதத்துக்குச் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது. அப்படி நிற்கும்போது அதற்குள் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

மை எங்கே காய்கிறது

இங்க் டேங்க் பிரிண்டரில் நாம் ஊற்றும் மை தொட்டியில் தங்கி, மெல்லிய குழாய்கள் வழியாக ஹெட்டுக்கு வருகிறது. ஹெட் என்பது காகிதத்தின் மேல் இடமும் வலமும் ஓடி மையைத் தெளிக்கும் பகுதி. அதன் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இருக்கும். நாசில் என்று சொல்வது இவற்றைத்தான். ஒரு நாசிலின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரான். மனிதத் தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல் தடிமன் என்பதால், இந்தத் துளைக்குள் ஒரு முடியைக்கூட நுழைக்க முடியாது.

மையில் பெரும்பகுதி தண்ணீர். நிறத்துக்குச் சாயமோ நிறமித் துகளோ கலந்திருப்பார்கள். சீக்கிரம் காயாமல் இருக்க கிளிசரின் போன்ற ஈரம் பிடிக்கும் பொருளும் கொஞ்சம் இருக்கும். தொட்டியில் இருக்கும் மை அவ்வளவு எளிதில் காயாது. பிரச்சினை துளையின் வாயில்தான். காற்று படும் அந்த நுனியில் தண்ணீர் மட்டும் மெல்ல ஆவியாகிப் போகும். மீதி இருப்பது கெட்டிப்பட்டுப் பிசினாகி, கடைசியில் அடைப்பாகிவிடும். பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் நிறமி மை, மற்ற மூன்றும் சாய மை. சாய மை காய்ந்தாலும் புது மை பட்டால் ஓரளவு கரைந்துவிடும். நிறமி மை காய்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரைப்பது கஷ்டம். நாம் அதிகம் நம்பியிருக்கும் கருப்புக்குத்தான் இந்தத் தொல்லை.

இதைத் தடுக்கப் பிரிண்டரிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. அச்சிட்டு முடிந்ததும் ஹெட் ஓர் ஓரத்துக்குப் போய், மெத்தென்ற ரப்பர் விளிம்புள்ள மூடி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நாசில்களைச் சுற்றி ஈரம் நிற்பது இந்த மூடியால்தான். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால், ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொண்ட பிறகே விளக்கு அணையும். அது பாதி வழியில் இருக்கும்போது சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டிவிட்டால், நாசில்கள் திறந்தபடியே நின்றுவிடும். அப்படி ஒரு வாரம் கிடந்தாலே போதும், ஹெட் அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சரியாக மூடியிருந்தாலும் அந்த ரப்பர் காற்றுப் புகாத முத்திரை கிடையாது. விளிம்பில் தூசியோ காய்ந்த மையோ படிந்திருந்தால் அதன் வழியே ஈரம் கசிந்துவிடும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று நீளும்போதுதான் திரும்ப வந்து அச்சிட்டால் எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடுகிறது, அல்லது ஒரு நிறமே வராமல் போகிறது. அறை வெப்பமாகவும் வறட்சியாகவும் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஹெட் கிளீனிங் என்ற பெயரில் போகும் மை

கோடு விழ ஆரம்பித்ததும் எல்லோரும் செய்வது ஹெட் கிளீனிங். மெனுவில் ஒரு பட்டன்தானே என்று தோன்றும். உள்ளே நடப்பது இது: மூடிக்குக் கீழே இருக்கும் சின்னப் பம்பு, நாசில்கள் வழியாக மையை உறிஞ்சி இழுக்கும். அந்த வேகத்தில் அடைப்பு பிய்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது திட்டம். அடைத்திருப்பது கருப்பில் நாலு துளைதான் என்றாலும், பெரும்பாலான மாடல்களில் எல்லா நிறங்களின் எல்லாத் துளைகளிலிருந்தும் மை போகும். இழுத்த மை பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சுப் பட்டைக்குப் போய்ச் சேரும். அதை வேஸ்ட் இங்க் பேட் என்பார்கள்.

எவ்வளவு மை இதில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பிரிண்டர் தனக்குள் கணக்கு வைத்துக்கொண்டே வரும். கணக்கு எல்லையைத் தொட்டதும் பேட் நிரம்பிவிட்டது என்று சொல்லி, அதை மாற்றும் வரை அச்சிட மறுத்துவிடும். சில மாடல்களில் இந்தப் பஞ்சை ஒரு தனிப் பெட்டியாக வைத்திருப்பார்கள். புதுசு வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றைச் சர்வீசுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் குறைவாக அச்சிடும் வீட்டில்தான் கிளீனிங் அதிகம் நடக்கும். நாமாக எதையும் அழுத்தாமலே, பல நாள் கழித்து ஆன் செய்யும்போது பிரிண்டர் தானே கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு கொஞ்சம் மையை இழுத்துவிடும். மாதம் இரண்டு முறை மட்டும் ஆன் செய்யும் வீட்டில், காகிதத்தில் விழுந்த மையைவிடப் பஞ்சில் போன மை அதிகம் என்றுகூட ஆகிவிடலாம். பாட்டிலில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு தொடர்ந்து அச்சிடுவதை வைத்துப் போட்டது. இந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

லேசரில் காய்வதற்கு ஒன்றும் இல்லை

லேசர் பிரிண்டரில் மையே கிடையாது. டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் பொடி, மாவைவிட நைசாக இருக்கும். உள்ளே டிரம் என்று ஓர் உருளை இருக்கிறது. அதற்கு முதலில் நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். எழுத்து வர வேண்டிய இடங்களில் லேசர் ஒளி பட்டதும் அங்கே மட்டும் மின்னூட்டம் மாறும், பொடி அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். டிரம்மிலிருந்து பொடி காகிதத்துக்கு மாறும். கடைசியில் காகிதம் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக இருக்கும் ஃபியூசர் உருளைகளின் நடுவே நுழையும்போது, பிளாஸ்டிக் உருகிக் காகிதத்தோடு ஒன்றிவிடும். வெளியே வரும் தாள் கையில் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாமல் இருப்பதும் இதனால்தான்.

பொடியில் தண்ணீர் இல்லை, ஆவியாவதற்கு எதுவும் இல்லை. நாலு மாதம் தொடாமல் வைத்துவிட்டு ஒரு நாள் காலையில் அவசரமாக ஒரு விண்ணப்பம் அச்சிட வேண்டி வந்தாலும், முதல் தாளே தெளிவாக வரும். குறைவாக அச்சிடும் வீட்டுக்கு நான் கருப்பு வெள்ளை லேசரைச் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான். மற்ற காரணங்களெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு கணக்கு

சரி, டோனர் விலை? அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு வீட்டில் மாதத்துக்குச் சராசரி இருபது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பள்ளி வேலை, எப்போதாவது ஒரு படிவம், பயணச் சீட்டு, அடையாள அட்டை நகல், அவ்வளவுதான். தேர்வு நேரத்தில் ஒரே வாரத்தில் ஐம்பது பக்கம் ஓடும், விடுமுறையில் இரண்டு மாதம் ஒன்றுமே ஓடாது. வருஷத்துக்கு 240 பக்கம், ஐந்து வருஷத்துக்கு 1,200 பக்கம்.

புது லேசர் பிரிண்டரோடு வரும் டோனர் பெரும்பாலும் முழு அளவு நிரப்பியதாக இருக்காது. அது 700 பக்கம் வரும் என்று எடுத்துக்கொண்டால், இந்த வீட்டில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஓடிவிடும். அப்புறம் 1,500 பக்கத்துக்கான கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்குகிறார்கள். ஐந்தாவது வருஷம் முடியும்போது அதில் 500 பக்கம்தான் செலவாகியிருக்கும், ஆயிரம் மிச்சம் இருக்கும். ஆக, ஐந்து வருஷத்தில் டோனருக்கான மொத்தச் செலவு ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்.

இங்க் டேங்க் வாங்கியிருந்தால் கூடவே வரும் மையே போதும். 4,500 பக்கம் வரும் கருப்பு பாட்டில் மாதம் இருபது பக்கம் என்ற கணக்கில் பதினெட்டு வருஷத்துக்கு மேல் வர வேண்டும். அவ்வளவு காலம் எந்த மையும் தாங்காது, பிரிண்டரும் இருக்காது. பாட்டிலைத் திறந்த பிறகு சில மாதங்களுக்குள் பயன்படுத்தினால்தான் நல்லது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அதாவது நாம் விலை கொடுத்த ஆயிரக்கணக்கான பக்கங்கள் தொட்டியிலேயே பழசாகிக்கொண்டிருக்கும்.

எல்லாம் நல்லபடியாகப் போனால், ஐந்து வருஷத்தில் இங்க் டேங்க் மிச்சப்படுத்துவது அந்த ஒரு டோனர் கார்ட்ரிட்ஜின் விலையைத்தான். நடுவில் ஒரே ஒரு தடவை ஹெட் மாற்ற வேண்டி வந்தால் அந்த மிச்சம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். ஹெட்டின் விலையையும் கூலியையும் சேர்த்தால் புதுசே வாங்கிவிடலாமோ என்று யோசிக்கும் அளவுக்கு வரும் மாடல்களும் உண்டு.

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கருப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752 என்ற சோதனை முறை இருக்கிறது. அதில் அச்சிடும் தாள் சாதாரணக் கடிதம் மாதிரி, பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கும். தாளில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் கருப்பு. அடையாள அட்டை நகல், படம் நிறைந்த பாடப் பக்கம் என்று நீங்கள் அச்சிட்டால் எண்ணிக்கை வேகமாகக் குறையும். மேலே போட்ட கணக்கில் பக்கம் பாதியாகக் குறைந்தாலும், ஐந்து வருஷத்தில் இரண்டு கார்ட்ரிட்ஜைத் தாண்டாது. டோனர் தீரும் தறுவாயில் நடுவில் மட்டும் எழுத்து மங்கலாக விழுந்தால், கார்ட்ரிட்ஜைக் கழற்றி இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெதுவாக அசைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஓரத்தில் ஒதுங்கிய பொடி பரவி, இன்னும் சில பத்துப் பக்கங்கள் வரும். பொடி கையில் கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.

எப்போது இங்க் டேங்கே சரி

லேசரை எல்லா வீட்டுக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் இருபது பக்கத்தில் பத்து பக்கம் நிறத்தில் வேண்டும் என்றால் கருப்பு வெள்ளை லேசர் உதவாது. நிற லேசர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் நாலு டோனர். உடம்பும் பெரிது, நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீரும்போது செலவு கையைக் கடிக்கும். புகைப்படம் அச்சிட அதுவும் நன்றாக இருக்காது. பளபளப்பான தாளில் படம் வேண்டும் என்றால் இங்க் டேங்க்தான். இங்கே ஓர் எச்சரிக்கை: இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பளபளப்புத் தாளையோ சாதாரணப் பிளாஸ்டிக் தாளையோ லேசரில் போட்டுவிடாதீர்கள். மேல்பூச்சு சூட்டில் உருகி ஃபியூசரில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பாகமே கெட்டுவிடும். ஒட்டும் லேபிள் வாங்கினாலும் லேசருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஃபியூசர் சூடாகும் சில விநாடிகளில் சின்ன லேசர் பிரிண்டர்கூட ஆயிரம் வாட்டை ஒட்டி இழுக்கும். அந்த நேரத்தில் அறை விளக்கு ஒரு கணம் மங்குவதைச் சில வீடுகளில் பார்க்கலாம். அதனால் லேசர் பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் செருகக் கூடாது, நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும். மின்வெட்டு நேரத்தில் யூபிஎஸ்ஸில் அச்சிட வேண்டிய கட்டாயம் இருக்கும் வீட்டுக்கு இங்க் டேங்க் தோதானது. அது சில பத்து வாட்டுக்கு மேல் கேட்பதில்லை.

நிறம் எப்போதாவது மட்டும்தான், வருஷத்துக்கு ஏழெட்டுப் பக்கம் என்றால், அதற்காக இங்க் டேங்க் வாங்காதீர்கள். அந்த ஏழெட்டை வெளியே கடையில் எடுத்துக்கொள்வது மலிவு. ஸ்கேன், காப்பி வசதி இரண்டு வகையிலும் கிடைக்கிறது, அதனால் அது இந்த முடிவுக்குள் வராது.

முடிவு செய்யக் கஷ்டமாக இருந்தால், மாதம் எத்தனை பக்கம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கடந்த வருஷத்தில் ஒன்றுமே அச்சிடாமல் போன அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மாதம் பத்தே பக்கம், ஆனால் வாராவாரம் இரண்டிரண்டாக அச்சிடுகிறவர் இங்க் டேங்கை நிம்மதியாக வைத்திருக்கலாம். வருஷத்துக்கு முந்நூறு பக்கத்தையும் இரண்டு மாதத்தில் அச்சிட்டுவிட்டு மற்ற மாதங்களில் தொடாதவருக்கு லேசர்தான்.

ஏற்கெனவே இங்க் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு

வாங்கியாயிற்று, வீட்டில் இருக்கிறது என்றால் தூக்கிப் போட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, நாலு நிறமும் இருக்கும் ஒரு தாளை அச்சிடுங்கள். கருப்பு எழுத்து மட்டும் அச்சிட்டால் மற்ற மூன்றும் ஓடாது. மையின் அளவு தொட்டியின் கீழ்க்கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் குழாய்க்குள் காற்று நுழையும், அதை வெளியேற்ற ஏகப்பட்ட மை செலவாகும்.

அச்சு சரியில்லை என்றால் கிளீனிங்கைத் தொடுவதற்கு முன் நாசில் செக் தாளை எடுங்கள். நாலு நிறத்திலும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அந்த நாசில் வேலை செய்யவில்லை. வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் திரையில் முழு நீலமாக ஒரு படத்தை வைத்து அந்த வெளிச்சத்தைத் தாளில் காட்டுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால் அந்தக் கோடுகள் கருப்பாகத் தெரியும், எது விட்டுப்போயிருக்கிறது என்பதும் தெளிவாகிவிடும்.

ஒருமுறை கிளீனிங் செய்துவிட்டுத் திரும்ப நாசில் செக் எடுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போன இடம் குறைந்துகொண்டே வந்தால் நல்லது, இன்னொரு முறை செய்யலாம். அதே இடத்தில் அப்படியே நின்றால் அது காய்ந்த அடைப்பு. விட்டுப்போன இடம் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தால் குழாயிலோ ஹெட்டிலோ காற்று நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு நிலைமையிலும் கிளீனிங்கை அடுத்தடுத்துப் போடுவது மையைப் பஞ்சில் கொட்டுவதுதான். இரண்டு மூன்று முறைக்கு மேல் போகாமல், பட்டனை அழுத்தி அணைத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். மூடிக்குள் இருக்கும் ஈரத்தில் காய்ந்தது ஊறும், காற்றுக் குமிழ்களும் மேலேறிவிடும். மறுநாள் காலையில் ஆன் செய்து முதலில் நாசில் செக் எடுங்கள். பல சமயம் முந்தின நாள் வராத கோடுகள் அப்போது வந்திருக்கும். அப்படியும் வராமல், அதே கோடுகள் மூன்று நாளாக விட்டுப்போனால், அந்த மாடலில் ஹெட்டை நாமே கழற்றி மாற்ற முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். மாற்ற முடியாத மாடல் என்றால், சர்வீசுக்குக் கொடுப்பதற்கு முன் செலவு எவ்வளவு ஆகும் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.